17.2 ஓவரா, 18 ஓவரா: ஸ்கோர் ஷீட்டில் கணக்கு தப்பும் இடங்கள்

*காட்பாடியில் எங்கள் டீமுக்கு நான்தான் ஸ்கோரர். ஞாயிறு மேட்ச்களை கூகுள் ஷீட்டில், ஒரு மேட்சுக்கு ஒரு டேப் என்று போட்டு வருகிறேன். ஏழாவதாக இறங்குகிறவருக்கு ஓப்பனரை விட இரண்டு மடங்கு சராசரி காட்டுகிறது. ஒரு பௌலரின் எகானமி கையால் போட்டால் ஒன்று, ஷீட்டில் ஒன்று. பெஸ்ட் பௌலிங் என்று யாருமே போடாத ஸ்பெல் வருகிறது. எங்கே தப்பு?*

பேட்டிங் சராசரியில் அநேகமாகத் தப்பு இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். பௌலிங் பக்கம் இரண்டுமே தப்புதான். அதில் எகானமி தப்பை நானே ஒரு சீசன் முழுக்கச் செய்து, கப்பைத் தவறான ஆளிடம் கொடுத்தும் இருக்கிறேன். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சத்துவாச்சாரி பக்கத்து டீம் ஒன்றுக்கு நான் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாம் 20 ஓவர் மேட்ச். எங்கள் ஓப்பனிங் பௌலர் ஐந்து மேட்சில் போட்டது இப்படி: முதல் மேட்சில் 4 ஓவர், 33 ரன், 2 விக்கெட். அடுத்ததில் 3.4 ஓவர், 22 ரன், 3 விக்கெட். மூன்றாவதில் 2.5 ஓவர், 14 ரன், விக்கெட் இல்லை. நான்காவதில் 4 ஓவர், 31 ரன், 3 விக்கெட். ஐந்தாவதில் 3.3 ஓவர், 22 ரன், 1 விக்கெட்.

ரன்களைக் கூட்டினால் 122. ஓவர்களை ஷீட் கூட்டினால் 17.2. 122ஐ 17.2ஆல் வகுத்தால் எகானமி 7.09. இன்னொரு பௌலர் முழு ஓவர்களாகவே 18 போட்டு 125 ரன் கொடுத்திருந்தார், அவருக்கு 6.94. அவர்தான் சிறந்த பௌலர் என்று கப் போய்விட்டது.

ஆனால் 3.4 என்பது மூன்றே முக்கால் மாதிரியான தசம எண் இல்லை. புள்ளிக்கு இடது பக்கம் ஓவர், வலது பக்கம் பந்து, ஆறு பந்து சேர்ந்தால் ஒரு ஓவர். பந்தாக எண்ணினால் 24, 22, 17, 24, 21, மொத்தம் 108. அதாவது சரியாக 18 ஓவர். எகானமி 6.78. கப் அவருக்குத்தான் போயிருக்க வேண்டும். அடுத்த சீசன் நடுவில்தான் இதைக் கண்டுபிடித்தேன். அவரிடம் போய்ச் சொன்னபோது, "அண்ணா, அந்தக் கப்பு பிளாஸ்டிக்தானே, விடுங்க" என்றார். அவர் விட்டுவிட்டார், எனக்குத்தான் இன்னும் உறுத்தல்.

இதில் கவனிக்க வேண்டியது, 17.2 என்ற எண்ணைப் பார்த்தால் சந்தேகமே வராது என்பதுதான். கூட்டல் 17.8 என்று வந்திருந்தால் ஒரு ஓவரில் எட்டுப் பந்து எப்படி என்று கண்ணில் பட்டிருக்கும். 17.2 ஒழுங்கான ஓவர் கணக்கு மாதிரியே உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தப்பு எப்போதும் ஒரே திசையில்தான் சாயும் என்பது இன்னொன்று. நான்கு பந்து என்றால் ஓவரில் மூன்றில் இரண்டு பங்கு, ஷீட்டுக்கு அது 0.4 மட்டுமே. ஐந்து பந்து 0.83, ஷீட்டுக்கு 0.5. ஆக ஓவர் எப்போதும் குறைவாகத்தான் கூடும், எகானமி எப்போதும் ஏறித்தான் தெரியும். அரைகுறை ஓவர் யாருக்கு வரும்? பெரும்பாலும் எதிர் டீமின் கடைசி விக்கெட்டை எடுத்தவருக்கு, அல்லது நாம் தோற்கும்போது கடைசிப் பந்து போட்டவருக்கு. ஆல் அவுட் ஆக்கி மேட்சை முடித்துக் கொடுக்கிறவரையே பார்த்துத் தண்டிக்கிற ஷீட் அது.

ஆகவே ஓவரை ஒரே கட்டத்தில் 3.4 என்று போடுவதை விட்டுவிடுங்கள். முழு ஓவர் ஒரு கட்டம், மிச்சப் பந்து ஒரு கட்டம், அவற்றிலிருந்து மொத்தப் பந்து ஒரு கட்டம். கணக்கு எல்லாம் பந்தில் நடக்கட்டும், ஓவர் என்பது பார்ப்பதற்கு மட்டும். ஏற்கெனவே 3.4 என்று போட்டு வைத்திருக்கும் பழைய வரிகளை, அந்த 3.4 D2 கட்டத்தில் இருந்தால், இப்படிப் பந்தாக மாற்றலாம்:

```
=INT(D2)*6+ROUND((D2-INT(D2))*10,0)
```

ROUND எதற்கு என்றால், கம்ப்யூட்டருக்குள் 3.4 லிருந்து 3ஐக் கழித்தால் சுத்தமாக 0.4 வராது, ஒரு நூலிழை குறைவாக வரும். அந்த இடத்தில் INT போட்டால் நான்கு பந்து மூன்றாகிவிடும். மாற்றிய ஷீட் சரியா என்று பார்க்க, ஊரறிந்த ஒரு ஸ்பெல்லைப் போட்டுப் பாருங்கள். 1999இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கும்ப்ளே பத்து விக்கெட்டும் எடுத்த இன்னிங்ஸில் அவர் போட்டது 26.3 ஓவர், கொடுத்தது 74 ரன். பந்து 159 என்றும் எகானமி 2.79 என்றும் வந்தால் உங்கள் ஷீட் சரி. 2.81 என்று வந்தால் இன்னும் தசமமாகத்தான் வகுக்கிறது.

சரி, இப்போது யாரும் போடாத அந்த ஸ்பெல். நீங்கள் விக்கெட்டுக்கு MAX, ரன்னுக்கு MIN என்று தனித்தனியாக எடுத்து ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மேலே உள்ள ஐந்து மேட்சில் அப்படி எடுத்தால் 3/14 வரும். மூன்று விக்கெட் ஒரு மேட்சில் விழுந்தது, 14 ரன் வேறொரு மேட்சில் கொடுத்தது. அந்த ஸ்பெல் நடக்கவே இல்லை.

பெஸ்ட் பௌலிங் விதி எளிது: விக்கெட் அதிகம் எதுவோ அது முதலில், விக்கெட் சமம் என்றால் ரன் குறைவானது முதலில். இரண்டையும் ஒரே எண்ணாக்கினால் MAX ஒன்றே போதும். விக்கெட்டை 1000ஆல் பெருக்கி ரன்னைக் கழியுங்கள். நம் பௌலருக்கு அந்த எண்கள் 1967, 2978, -14, 2969, 978. பெரியது 2978, அதாவது 3/22. டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட் எடுத்த மூவரையும் இதில் போட்டுப் பார்க்கலாம்: ஜிம் லேக்கர் 10/53, கும்ப்ளே 10/74, அஜாஸ் படேல் 10/119. எண்கள் 9947, 9926, 9881. வரிசை சரியாக நிற்கிறது.

இன்னொரு கண்ணி இருக்கிறது. 3/12 என்று நேரடியாக ஒரு கட்டத்தில் தட்டினால் ஷீட் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். டிசம்பர் 3ஆம் தேதி மூன்று விக்கெட் எடுத்தவர் நம் டீமில் யாரும் இல்லை. விக்கெட்டும் ரன்னும் தனிக் கட்டங்களில் இருக்கட்டும், சாய்கோட்டை ஃபார்முலா போட்டுக்கொள்ளும்.

இதற்கெல்லாம் ஒரு மேட்சுக்கு ஒரு டேப் என்ற முறை ஒத்துவராது. பத்து மேட்ச் ஆனதும் ஃபார்முலாவில் பத்து டேப் பெயரை எழுதிக்கொண்டிருப்பீர்கள். எல்லா மேட்சுக்கும் சேர்த்து bowl என்று ஒரு டேப், bat என்று ஒரு டேப். ஒரு ஆள் ஒரு மேட்சில் ஆடியதற்கு ஒரு வரி. bowl டேப்பில் A தேதி, B மேட்ச் எண், C பெயர், D முழு ஓவர், E மிச்சப் பந்து, F மொத்தப் பந்து, G ரன், H விக்கெட், I அந்த ஆயிரம் எண். F இலும் I இலும் வருவது:

```
F2: =D2*6+E2
I2: =H2*1000-G2
```

மூன்றாவது டேப்பில் A பத்தியில் பெயர்கள், பக்கத்தில் கூட்டுத்தொகை:

```
B2: =SUMIFS(bowl!F:F,bowl!C:C,A2)
C2: =SUMIFS(bowl!G:G,bowl!C:C,A2)
D2: =SUMIFS(bowl!H:H,bowl!C:C,A2)
E2: =IF(B2=0,"-",C2*6/B2)
F2: =IF(D2=0,"-",C2/D2)
G2: =IF(D2=0,"-",B2/D2)
H2: =MAXIFS(bowl!I:I,bowl!C:C,A2)
I2: =IF(B2=0,"-",-INT(-H2/1000)&"/"&(-INT(-H2/1000)*1000-H2))
```

B பந்து, C ரன், D விக்கெட், E எகானமி, F சராசரி, G ஸ்ட்ரைக் ரேட், I பெஸ்ட். நம் ஆளுக்கு 108 பந்து, 122 ரன், 9 விக்கெட் என்றால் சராசரி 13.56. ஸ்ட்ரைக் ரேட் 12, அதாவது இரண்டு ஓவருக்கு ஒரு விக்கெட். I2 இல் உள்ள மைனஸ் INT மைனஸ் பார்க்கக் கோணலாகத்தான் இருக்கும். விக்கெட்டே எடுக்காதவரின் எண் மைனஸில் இருக்கும்போதும் 0/14 என்று சரியாகப் பிரிய அது வேண்டும்.

பௌலர் கணக்கில் எந்த ரன் சேரும் என்பதிலும் டீமுக்கு டீம் குழப்பம் உண்டு. வைடும் நோ பாலும் பௌலர் தலையில் விழும். பையும் லெக் பையும் விழாது. வைடும் நோ பாலும் பந்து எண்ணிக்கையில் வராது. ரன் அவுட் பௌலருக்கு விக்கெட் ஆகாது. "என் பந்தில்தானே அவன் அவுட்" என்று சண்டைக்கு வருவார்கள், கொடுக்காதீர்கள்.

இனி bat டேப். A தேதி, B மேட்ச், C பெயர், D ரன், E சந்தித்த பந்து, F எப்படி அவுட். ரன் கட்டத்தில் 41* என்று நட்சத்திரத்தோடு போடக் கூடாது. நட்சத்திரம் சேர்ந்ததும் அது எண் இல்லை, எழுத்து. SUM அதைச் சத்தமே இல்லாமல் விட்டுவிடும். பிழை எதுவும் காட்டாது, மொத்தம் மட்டும் 41 குறையும். எண் கட்டத்தில் வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது பக்கம் ஒட்டி நிற்கும். D பத்தியை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தால் தப்பான கட்டம் தனியாகத் தெரியும்.

நாட் அவுட்டை F பத்தியில் no என்று போடுங்கள். அடிபட்டோ உடம்பு முடியாமலோ வெளியே போனவருக்கு rh. அதுவும் நாட் அவுட்தான். ஆனால் காரணமில்லாமல் "நீ வா, நான் போறேன்" என்று திரும்பி வராமல் போனால் அது ரிட்டயர்டு அவுட், அவுட் கணக்கிலேயே சேரும். பேட் பிடிக்கவே இறங்காதவருக்கு வரியே வேண்டாம். இறங்கி, எதிர்முனையில் நின்று, ஒரு பந்தும் சந்திக்காமல் மேட்ச் முடிந்திருந்தால் வரி வேண்டும்: 0 ரன், 0 பந்து, no. அது ஒரு இன்னிங்ஸ். பேட்டிங் கூட்டுத்தொகைக்கு நான்காவதாக ஒரு டேப், அதிலும் A பத்தியில் பெயர்கள்:

```
B2: =COUNTIFS(bat!C:C,A2)
C2: =COUNTIFS(bat!C:C,A2,bat!F:F,"no")+COUNTIFS(bat!C:C,A2,bat!F:F,"rh")
D2: =SUMIFS(bat!D:D,bat!C:C,A2)
E2: =IF(B2=C2,"-",D2/(B2-C2))
F2: =IFERROR(100*SUMIFS(bat!D:D,bat!C:C,A2,bat!E:E,">0")/SUMIFS(bat!E:E,bat!C:C,A2),"-")
```

B இன்னிங்ஸ், C நாட் அவுட், D ரன், E சராசரி, F ஸ்ட்ரைக் ரேட். சராசரியைச் சோதிக்க பிராட்மேனைப் போடுங்கள்: 80 இன்னிங்ஸ், 10 நாட் அவுட், 6996 ரன். 99.94 வர வேண்டும். 87.45 வந்தால் நீங்கள் அவுட்டால் வகுக்காமல் இன்னிங்ஸால் வகுக்கிறீர்கள்.

உங்கள் ஏழாவது ஆளுக்கு வருவோம். அவர் ஆறு இன்னிங்ஸில் 12, 8, 15, 6, 21, 9 அடித்திருக்கிறார், 15 அடித்த அன்று மட்டும்தான் அவுட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 71, அவுட் ஒன்று, சராசரி 71. ஓப்பனர் 34, 0, 52, 18, 41 நாட் அவுட், 27. மொத்தம் 172, அவுட் ஐந்து, சராசரி 34.40. இரண்டு மடங்கு. ஃபார்முலா சரி. சராசரி என்பது ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் என்ற கணக்கே இல்லை, ஒரு தடவை அவுட் ஆவதற்குள் எத்தனை ரன் என்ற கணக்கு. கடைசி நாலு ஓவரில் இறங்குகிறவரை அவுட் ஆக்க எதிர் டீமுக்கு நேரமே கிடைப்பதில்லை. 1999 உலகக் கோப்பையில் க்ளூஸ்னர் எட்டு இன்னிங்ஸில் 281 ரன் அடித்து இரண்டே தடவை அவுட் ஆனார், சராசரி 140.50. அதைப் பார்த்து யாரும் ஃபார்முலாவை மாற்றவில்லை.

நீங்களும் மாற்ற வேண்டாம். நாட் அவுட்டை அவுட்டாகச் சேர்த்தால் அடுத்த வாரமே ஏழாவது ஆள் கேட்பார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும். நான் செய்வது வேறு. சீசனில் ஐந்து தடவையாவது அவுட் ஆனவரைத்தான் சராசரி வரிசையில் சேர்க்கிறேன். மற்றவர்களுக்கு எண் இருக்கும், இடம் இருக்காது. பேட்டிங் கப்பை மொத்த ரன்னுக்கே கொடுத்துவிடுகிறேன். ஐந்து என்பது என் கணக்கு. சீசனில் எட்டு மேட்ச்தான் என்றால் மூன்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் சீசன் தொடங்கும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்ட்ரைக் ரேட்டில் ஒரே விஷயம். மேட்ச்வாரியான ஸ்ட்ரைக் ரேட்டுகளைக் கூட்டி மேட்ச் எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது. ஒருவர் ஒரு நாள் 2 பந்தில் 6 அடிக்கிறார், 300. அடுத்த வாரம் 25 பந்தில் 20, அது 80. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 190 என்று பெரிய ஹிட்டர் ஆகிவிடுவார். உண்மையில் 27 பந்தில் 26 ரன், 96.30. மேலே உள்ள ஃபார்முலாவில் ">0" இருப்பது, பந்து எண்ணாமல் விட்டுப்போன மேட்ச்களுக்காக. மே மாதம் ஒன்பது மணிக்கு மேல் வேலூர் வெயிலில் செல்போன் திரை தெரியாது, நோட்டு வியர்வையில் ஊறிவிடும், பேட்ஸ்மேன் சந்தித்த பந்தைக் குச்சி குச்சியாகப் போட விட்டுப்போவது சகஜம். அப்படிப்பட்ட இன்னிங்ஸில் பந்துக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், அந்த ரன் ஸ்ட்ரைக் ரேட்டில் சேராது, மொத்தத்தில் மட்டும் சேரும். ஞாபகத்தில் இருந்து குத்துமதிப்பாக 20 என்று போட வேண்டாம். எண்ணும்போது, வைடு பேட்ஸ்மேன் சந்தித்த பந்தாகாது, நோ பால் ஆகும்.

அதிகபட்ச ஸ்கோருக்கு நட்சத்திரம் வேண்டுமென்றால், bat டேப்பில் G பத்தியில் ரன்னோடு நாட் அவுட்டுக்கு மட்டும் 0.5 சேர்த்து வையுங்கள். அப்போது 41ஐ விட 41 நாட் அவுட் மேலே நிற்கும், வழக்கமும் அதுதான். கீழே முதல் வரி bat டேப்பில் வருவது, அடுத்த இரண்டும் பேட்டிங் கூட்டுத்தொகை டேப்பில் வருபவை:

```
G2: =D2+IF(OR(F2="no",F2="rh"),0.5,0)

G2: =MAXIFS(bat!G:G,bat!C:C,A2)
H2: =INT(G2)&IF(MOD(G2,1)>0,"*","")
```

பெயர் விஷயத்தில் உஷாராக இருங்கள். ஒரு வாரம் ரமேஷ், ஒரு வாரம் ரமேஸ், ஒரு வாரம் கடைசியில் ஒரு இடைவெளியோடு ரமேஷ் என்று தட்டினால் ஷீட்டுக்கு மூன்று ஆட்கள். C பத்தியில் பட்டியலில் இருந்து மட்டுமே பெயரைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி Data validation போட்டுவிடுங்கள். பாலாற்று மணலில் டென்னிஸ் பாலில் ஆடியதையும் மேட் விரித்து லெதர் பாலில் ஆடியதையும் ஒரே கூட்டலில் சேர்க்காதீர்கள், அதற்கு இன்னொரு டேப் ஜோடி.

ஒவ்வொரு ஞாயிறும் வரிகளைச் சேர்த்த பிறகு நான் மூன்று கூட்டல் போட்டுப் பார்ப்பேன். நம் பேட்ஸ்மேன்கள் ரன்னோடு எக்ஸ்ட்ராவைச் சேர்த்தால் நம் டீம் மொத்தம் வர வேண்டும். நம் பௌலர்கள் கொடுத்த ரன்னோடு பை, லெக் பை சேர்த்தால் எதிர் டீம் மொத்தம் வர வேண்டும். பௌலர்களின் பந்தைக் கூட்டினால் எதிர் டீம் ஆடிய ஓவர் வர வேண்டும், முழு 20 என்றால் 120. இரண்டாவது கூட்டலில் மூன்று நான்கு ரன் இடித்தால், பையைப் பௌலர் தலையில் எழுதியிருப்பீர்கள் அல்லது வைடை விட்டிருப்பீர்கள். அன்று மாலையே பார்த்தால், அம்பயராக நின்றவரிடம் கேட்டுத் திருத்திவிடலாம். மூன்று வாரம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.